திரையில் ஒரு கீர்த்தனை

தமிழ்க் கீர்த்தனை திரைக்காக எழுதப்பட்டதல்ல. கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்காகவும், அதற்கும் முன்னால் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் கேட்டுத் திருப்பிப் பாடுவதற்காகவும் எழுதப்பட்டது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து அதன் உருவம் பெரிதாக மாறவில்லை: பல்லவி, அனுபல்லவி, பிறகு சரணங்கள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பாட்டு பல்லவிக்குத் திரும்பும். பினாங்கு ஜார்ஜ் டவுனின் தமிழ்ச் சபைகளிலும் கோயில்களிலும் இன்று பாட்டுப் புத்தகத்தின் இடத்தைப் பெரும்பாலும் ப்ரொஜெக்டர் பிடித்துக்கொண்டது. முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் படித்த அடியை இருபது, இருபத்தைந்து மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஸ்லைடு தயாரிப்பவரின் வேலை அந்தத் தூரத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது வரிகளை எந்தப் பக்கம் ஒட்டி அடுக்குவது என்பது. ஆங்கிலப் பாடல்களுக்காகச் செய்யப்பட்ட ஸ்லைடு மாதிரிகளில் பெரும்பாலானவை வரிகளை நடுவில் நிறுத்துகின்றன. அதையே தமிழுக்கும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்த வேலையில் மிகப் பரவலான தவறு இதுதான். ஆங்கிலப் பாட்டின் ஓசை ஒப்புமை அடியின் கடைசியில் வருகிறது. தமிழில் எதுகை அடியின் முதல் சீரில், இரண்டாம் எழுத்தில் வருகிறது. மோனையும் சீரின் தலையில்தான். பாடுகிறவர் அடுத்த அடியைத் தேடித் திரையைப் பார்க்கும்போது கண் போய் நிற்பது அந்தத் தலையெழுத்துகளில். வரிகளை நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு அடியும் ஒவ்வோரிடத்தில் தொடங்கும். கண் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தைத் தேட வேண்டும். இடப்பக்கம் நேராக நிறுத்தினால் எதுகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பாதி மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு அந்த ஒரு நெடுக்குக் கோடே போதும்; மீதி அடி வாயில் தானாக வந்துவிடும். ஐரோப்பிய மெட்டுகளுக்கு மொழிபெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகளுக்கு இந்தக் காரணம் அத்தனை வலுவாகப் பொருந்தாது. ஆனாலும் ஒரே ஆராதனையில் ஒரு பாட்டு இடப்பக்கமும் இன்னொன்று நடுவிலுமாக நிற்பது கண்ணுக்குத் தொந்தரவு. எல்லாவற்றையும் இடப்பக்கமே வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது எழுத்தின் அளவு. இதை ஸ்லைடு தயாரிப்பவரின் மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. கணினித் திரையில் பெரியதாகத் தெரிவது மண்டபத்தின் கடைசி வரிசையில் எறும்பு வரிசையாகிவிடும். நடைமுறையில் உதவும் கணக்கு எளிது: கடைசி வரிசைக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் உயரம் வேண்டும். இது 'க' என்ற எழுத்தின் உடல் உயரம். மேலே வரும் கொம்பும் கீழே தொங்கும் காலும் இதில் சேராது. கடைசி வரிசை 24 மீட்டரில் இருந்தால் 'க' சுவரில் 10.8 சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும். கண் மருத்துவர் சுவரில் மாட்டும் அட்டையில் நல்ல பார்வைக்கு வைத்திருக்கும் எழுத்தைப்போல இது மூன்று மடங்கு. வயதானவர்கள் நிறைந்த சபையில், பாடிக்கொண்டே, சட்டென்று படிக்க வேண்டிய எழுத்துக்கு அந்த மூன்று மடங்கு தேவைப்படுகிறது.

திரை 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது வழக்கத்திலுள்ள 16:9 விகிதத்தில் அதன் உயரம் சுமார் 169 சென்டிமீட்டர். பவர்பாயிண்டின் அகல ஸ்லைடு 540 புள்ளி உயரமும் 960 புள்ளி அகலமும் உடையது. 10.8 சென்டிமீட்டர் என்பது அந்த 540-இல் ஏறத்தாழ 35 புள்ளி. பல தமிழ் எழுத்துருக்களில் 'க'வின் உடல், தேர்ந்தெடுக்கும் அளவில் பாதியைச் சற்றே தாண்டும். ஆகவே 60 புள்ளி அளவு தேவை. கணக்கை நம்பி விட்டுவிடாமல் ஒரு 'க'வை 60-இல் திரையில் போட்டு, நாடாவை வைத்து அளந்து பார்ப்பதுதான் சரி. எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும்.

60 புள்ளி என்று முடிவானதும் மற்ற அளவுகள் தாமாகவே வந்துவிடும். தமிழில் 'கீ', 'தீ' போன்றவற்றின் கொம்பு மேலே எழும். 'பூ', 'சூ' போன்றவற்றின் கால் கீழே இறங்கும். வரிக்கும் வரிக்கும் நடுவில் எழுத்தளவைப்போல 1.4 மடங்கு இடைவெளி இல்லாவிட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்காக அமைத்த மாதிரியில் அந்த இடைவெளியைக் குறுக்கி வைத்திருப்பார்கள். சில சமயம் கொம்பின் தலையே வெட்டுப்பட்டு 'தீ', 'தி'யாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: மேல்வரியில் 'பூ சூ', கீழ்வரியில் 'கீ தீ' என்று அடித்துப் பார்த்தால் போதும். 60-இன் 1.4 மடங்கு 84. நான்கு புறமும் கொஞ்சம் ஓரம் விட்டால் ஸ்லைடில் ஐந்து வரிதான் கொள்ளும். அகலத்தில், ஓரம் போக 864 புள்ளி மிஞ்சும். ஒரு தமிழ் உருவத்துக்குச் சராசரியாக 48 புள்ளி என்று வைத்தால் வரிக்கு 18 உருவம். எழுத்து என்று சொல்லாமல் உருவம் என்று சொல்லக் காரணம் உண்டு: 'லை' இலக்கணப்படி ஓர் எழுத்து, திரையில் இரண்டின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். 'கொ' மூன்றின் அகலத்தை எடுக்கும். 'டி', 'மு' போன்றவை ஒன்றாகவே நிற்கும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிடப் புள்ளியைப் பார்க்க வேண்டும். மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளிதான் தமிழில் மிகச் சிறிய உறுப்பு. தூரத்தில் முதலில் மறைவது அதுதான். 'க்' 'க'வாகத் தெரிந்தால், பாட்டைப் புதிதாகப் பார்க்கிறவர் ஓர் அசை கூட்டிப் பாடுவார், தாளம் பின்தங்கும். இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது 'ண', 'ன' இரண்டின் சுழிகள். தடித்த எழுத்து தூரத்தில் நன்றாகத் தெரியும் என்று எல்லாவற்றையும் அழுத்தி வைக்கிறார்கள். அழுத்தம் கூடினால் சுழியின் உள்வெளி அடைபட்டு 'எண்ண', 'என்ன' இரண்டும் ஒன்றாகிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போடும்போது இது இன்னும் மோசமாகும். வெளிச்சம் கசிந்து கோடுகள் தடித்துத் தெரியும். நடுத்தர அழுத்தம்தான் பொருந்தும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் பல அழுத்தங்கள் உண்டு. விண்டோஸோடு வரும் நிர்மலாவும், ஆப்பிள் கருவிகளில் வரும், மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதியும் உண்டு. 'எண்ணம் என்ன கண்ணன் அன்பர்' என்று ஒரு வரி போட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்துருவிலும் வாசித்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். கண்ணாடி போடும் பெரியவர் ஒருவரையும் கூட உட்கார வைத்துக்கொள்வது நல்லது.

இனி அடிகளை உடைப்பது. இந்த வேலையின் நுட்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்காகவே எழுதிய ஒரு சிறு கீர்த்தனையை வைத்துப் பார்க்கலாம். புத்தகத்தில் அது இப்படி அச்சாகியிருக்கும்:

```
பல்லவி
அலைகடல் நடுவே கரைகாட்டும் ஒளியே
நிலைதவறும் எமக்கொரு துணைநீயே

சரணம்
விடியுமுன் வலையெடுத்துக் கடலேறும் வேளையிலும்
மடியிலே பிள்ளையுடன் மன்றாடும் மாலையிலும்
இடிமுழங்கி மழைகொட்டும் இருளான சாலையிலும்
அடியேனைக் கைவிடாத அன்பரசே காத்திடும்
```

சரணத்தின் முதல் அடியில் 22 எழுத்து. 'லை', 'யெ', 'லே', 'வே', 'ளை' ஐந்தும் இரட்டை அகலம். ஆக 27 உருவம், நடுவில் மூன்று இடைவெளி. 18 கொள்ளும் வரியில் இது அடங்காது. கணினியிடம் விட்டால் அது இடம் முடியும் இடத்தில் உடைக்கும். சொல்லின் நீளத்தைப் பொறுத்து ஓர் அடி இரண்டாம் சீருக்குப் பின்னும் இன்னொன்று மூன்றாம் சீருக்குப் பின்னும் உடைபடும். பாடுகிறவர் மூச்சு விடும் இடம் ஒன்று, கண் கீழே இறங்கும் இடம் வேறொன்று என்றாகிவிடும். ஆகவே கணினி உடைக்கும் முன் ஸ்லைடு தயாரிப்பவர் உடைக்க வேண்டும். எங்கே உடைப்பது என்று சொல்வது மெட்டு. நாற்சீர் அடியில் இரண்டு சீர் பாடி ஒரு சிறு நிறுத்தம், பிறகு இரண்டு சீர் என்பதே பெரும்பாலான மெட்டுகளின் நடை. அப்படியே உடைத்தால், முதல் பாதியில் 14 உருவம், இரண்டாம் பாதியில் 13. இரண்டும் தாராளமாக அடங்கும்.

உடைத்த பிறகு ஒரு புதிய சிக்கல் வருகிறது. பாதி அடிகள் எல்லாம் இடப்பக்கம் ஒரே கோட்டில் நின்றால் 'விடி', 'கடலே', 'மடி', 'மன்றா' என்று எதுகை உள்ளதும் இல்லாததும் கலந்துவிடும். எதற்காக இடப்பக்கம் ஒட்டினோமோ அது கெட்டுவிடும். தீர்வு பழைய செய்யுள் பதிப்புகளில் கண்டதுதான்: தொடர்ச்சி வரியை இரண்டு எழுத்து அகலம் உள்ளே தள்ளி வைப்பது.

```
விடியுமுன் வலை எடுத்துக்
    கடலேறும் வேளையிலும்
மடியிலே பிள்ளையுடன்
    மன்றாடும் மாலையிலும்
```

எதுகை வெளிக்கோட்டில் நிற்கிறது. உள்ளே தள்ளியிருப்பது முன்னடியின் மீதி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. நான்கு வரி, ஒரு ஸ்லைடு. சரணத்துக்கு இரண்டு ஸ்லைடு. ஐந்து வரி கொள்ளும் என்பதற்காக ஐந்தாவது வரியையும் போட்டால் அடியின் பாதி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். அந்தக் காலி இடத்தை விட்டுவிட வேண்டும். ஸ்லைடு மாறும் இடம் எப்போதும் அடி முடியும் இடமாக இருக்க வேண்டும்; முடிந்தால் இரண்டடிகள் சேர்ந்து முடியும் இடமாக இருப்பது இன்னும் நல்லது.

மேலே 'வலையெடுத்து' என்பது 'வலை எடுத்து' என்று பிரிந்திருப்பதைக் கவனிக்கலாம். புத்தகப் பதிப்புகள் சொற்களைச் சேர்த்தே அச்சிடும். தூரத்திலிருந்து படிக்கிறவருக்கு நீண்ட சொல் தடுமாற்றம் தரும். ஆனால் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. 'வலை எடுத்து' என்று பிரித்தாலும் வாயில் அந்த யகரம் தானாக வரும், அசை கூடுவதில்லை. 'நிலைதவறும்' என்பதையும் 'துணைநீயே' என்பதையும் நடுவில் வெறும் இடைவெளி விட்டுப் பிரிக்கலாம். 'எமக்கொரு' என்பதை 'எமக்கு ஒரு' என்று பிரித்தால் கதை வேறு. அங்கே ஓர் உகரம் திரும்பி வந்து உட்காருகிறது. அசை ஒன்று கூடி மெட்டை இழுக்கும். இலக்கணம் தெரிந்த நல்லெண்ணக்காரர்கள் இப்படிப் பிரித்துச் 'சரி' செய்த ஸ்லைடுகளைச் சபை தடுமாறிப் பாடுவதைக் கேட்டிருப்பவர்கள் பலர். எழுத்து மாறாமல் பிரியும் இடத்தில் மட்டும் பிரிப்பது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. 'எடுத்துக்' என்பதன் கடைசியில் நிற்கும் 'க்'கை வரி உடைந்துவிட்டது என்பதற்காக எடுத்துவிடவும் கூடாது. பாட்டு அங்கே தொடர்ந்து போகிறது.

பினாங்கில் இன்னொரு தேவையும் உண்டு. தமிழ்ப் பள்ளியில் படிக்காமல் மலாய், ஆங்கில வழியில் படித்து வளர்ந்தவர்களில் தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். பல மொழிக்காரர்கள் சேர்ந்து வழிபடும் நாள்களில் தமிழே தெரியாதவர்களும் தமிழ்ப் பாட்டில் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்காகத் தமிழ் வரியின் கீழே ரோமன் எழுத்தில் ஒரு வரி வேண்டும். நான்கு தமிழ் வரிக்கு நான்கு ரோமன் வரி என்று போனால் இடம் போதாது. தமிழைச் சிறிதாக்கும் சபலம் வரும். அதற்கு இணங்கக்கூடாது. ரோமன் எழுத்து ஒடுக்கமானது. 36 புள்ளியில் ஒரு வரிக்கு 45 எழுத்துக்குமேல் கொள்ளும். ஆகவே உடைந்த இரண்டு தமிழ் வரிக்கும் சேர்த்து உடையாத ஒரே ரோமன் வரி போதும்:

```
விடியுமுன் வலை எடுத்துக்
    கடலேறும் வேளையிலும்
vidiyumun valai eduththuk kadalerum velaiyilum
```

இப்படி இரண்டு அடுக்கு ஒரு ஸ்லைடில் அடங்கும். ரோமன் எழுத்தின் உடல் தமிழ் எழுத்தின் பாதி உயரம்தான் வரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளம் கண்களுக்கு அது போதும்; கடைசி வரிசையில் உள்ள வயதானவருக்குப் போதாது. இரண்டு திரைகள் உள்ள மண்டபத்தில் ஒன்றில் தமிழ் மட்டும், மற்றதில் ரோமன் மட்டும் போடுவது இருவருக்கும் நல்லது. ஒரே திரை என்றால் ரோமன் வரியை வெளிர்மஞ்சள் போன்ற வேறு நிறத்தில் வைத்தால், இரு சாராரும் தங்கள் வரியை விட்டுக் கண் பிசகாமல் படிப்பார்கள்.

ரோமன் எழுத்துக்கூட்டலில் முழுத் துல்லியம் தேவையில்லை. சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறது, அதை நினைவூட்டினால் போதும். ஆனால் ஒரே முறை வேண்டும். 'ட'வுக்கு d, 'த'வுக்கு th என்று பிரிக்காவிட்டால் 'பாதம்' padam ஆகி, படிக்கிறவர் வாயில் 'படம்' ஆகிவிடும். Paatham என்றால் குழப்பமில்லை. மலாய் வழியில் படித்தவர் c என்ற எழுத்தைச் சகரமாகவே வாசிப்பார் என்பதால் அதைக் ககரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. பத்து எழுத்துக்கு ஒரு சிறு அட்டவணை எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டால், யார் தட்டச்சு செய்தாலும் ஒன்றுபோல வரும்.

பழைய கோப்புகள் தனித் தொல்லை. யூனிகோடு வருவதற்கு முன் தட்டச்சு செய்த பாடல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' இருந்த இடத்தில் `mk;kh` என்று நிற்கும். வீட்டுக் கணினியில் சரியாக இருந்த கோப்பு ஞாயிறு காலை சபைக் கணினியில் இப்படித் திறந்துகொள்வது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதிர்ச்சி. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு பிழையைத் தேடிப் பார்க்க வேண்டும். 'கௌ' என்று ஓர் எழுத்தாக இருக்க வேண்டியது 'கெ', 'ள' என்று இரண்டாக நிற்கும்; அதேபோல 'ர'வும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும். திரையில் வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் பாட்டைத் தேடும்போது அது அகப்படாது. பாடல் நடத்துபவர் திடீரென்று வேறு பாட்டு சொல்லும் நேரத்தில்தான் அது தெரியவரும். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் சேமித்ததும் அதன் முதற்சொல்லைப் புதிதாகத் தட்டச்சு செய்து தேடிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

கடைசியாகப் பல்லவிக்குத் திரும்புவது. புத்தகம் சரணத்தின் முடிவில் ஒரு கோடு போட்டு, பல்லவியின் முதற்சொல்லை மட்டும் தந்து நிறுத்திக்கொள்ளும். படிப்பவர் கண்ணை மேலே ஓட்டிக்கொள்வார். திரையில் மேலே என்று ஓர் இடம் கிடையாது; ஸ்லைடு போனால் போனதுதான். பல்லவி முழுவதும் திரும்ப வர வேண்டும். ஓப்பன்எல்பி போன்ற மென்பொருளில் பல்லவியை ஒருமுறை எழுதி, பாடும் வரிசையை மட்டும் கொடுத்தால் போதும். பல்லவிக்கு C1, சரணங்களுக்கு V1, V2 என்று பெயர்:

```
C1 V1 C1 V2 C1
```

பவர்பாயிண்டில் செய்பவர்கள் பல்லவியை ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் நகல் எடுத்து வைக்கிறார்கள். பாட்டு வரிசைப்படி போனால் இது போதும். கீர்த்தனை அப்படிப் போவதில்லை. பாடல் நடத்துபவர் பல்லவியின் முதலடியை இரண்டு முறையும் பாடுவார், சங்கதி விரிந்தால் நான்கு முறையும் பாடுவார். ஒரு சரணத்தை விட்டுவிட்டுக் கடைசிச் சரணத்துக்குப் போவார். அதற்கு ஈடுகொடுக்க, ஒவ்வொரு பாட்டின் பல்லவியும் எத்தனையாவது ஸ்லைடு என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணைத் தட்டி `Enter` அழுத்தினால் நேரே அந்த ஸ்லைடுக்குப் போகலாம். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போனால் `B` அழுத்தித் திரையைக் கறுப்பாக்கி, இடத்தைக் கண்டுபிடித்துத் திரும்ப வருவது நல்லது. சபையின் முன் ஸ்லைடுகளைப் புரட்டித் தேடினால் பாட்டு நின்றுவிடும்.

ஸ்லைடை மாற்றும் கணம் அடி முடிந்த பிறகு வருவதல்ல. பாடுகிறவரின் கண் வாயைவிட ஒன்றிரண்டு சொல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். கடைசிச் சொல்லைச் சபை பாடத் தொடங்கும்போதே அதைக் கண் படித்து முடித்திருக்கும். அப்போது மாற்றினால் அடுத்த அடியின் எதுகை வெளிக்கோட்டில் தயாராக நிற்கும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் மெட்டு சமத்தில் எடுத்தால், கடைசி இரண்டு எண்ணிக்கையில் விரல் விழ வேண்டும். இதற்கு ஸ்லைடு போடுபவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. வாயசைத்தாவது கூடப் பாட வேண்டும். பாட்டைத் தெரியாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். சனிக்கிழமை ஒத்திகையில் பாடகர் குழுவோடு ஒரு முறை முழுக்க ஓட்டிப் பார்க்கும்போது, எந்தச் சரணத்துக்குப் பின் பல்லவி எத்தனை முறை வருகிறது என்பதைத் தாளில் குறித்துக்கொண்டால், ஞாயிறு காலை நடத்துபவரின் கையசைவைப் பார்ப்பதற்குக் கண் மிச்சமிருக்கும்.